இரண்டு அழைப்பு, ஒரே பதில்

ஒரு பிராசஸர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். அதனுடன் இணைந்த கருவிகளோ அதன் கை ஓயட்டும் என்று காத்திருப்பதில்லை. விசைப்பலகையில் ஒரு பொத்தான் அழுந்துகிறது; தொலைவிலுள்ள இன்னொரு கணினியிலிருந்து ஓர் எழுத்து வந்து விழுகிறது; சுழலும் வட்டிலிருந்து அடுத்த பைட் வாசித்து முடிகிறது. ஒவ்வொரு கருவியிடமும் மாறி மாறிப் போய் ‘ஏதாவது உண்டா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பிராசஸரின் நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும். அதனால் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கம்பி தரப்படுகிறது. வேலை இருந்தால் கருவி அந்தக் கம்பியில் 1 என்ற மின்னழுத்தத்தை வைக்கும். இதற்குக் குறுக்கீட்டுக் கோரிக்கை, இன்டரப்ட் ரிக்வெஸ்ட் என்று பெயர். பிராசஸர் கையிலுள்ள வேலையை நிறுத்திவைத்து, அழைத்த கருவியைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பும்.

ஒரே சமயத்தில் இரண்டு கம்பிகள் அழைத்தால் யாரை முதலில் கவனிப்பது? அதை முடிவு செய்து, வென்ற கம்பியின் எண்ணைப் பிராசஸரிடம் சொல்லும் சின்னச் சுற்றுதான் முன்னுரிமைக் குறியாக்கி. மின்னணுவியல் படித்தவர்கள் இதைப் பிரையாரிட்டி என்கோடர் என்பார்கள். நான்கு கம்பிகளுக்கு இதை ஆறே ஆறு கேட்டுகளால் கட்டிவிடலாம். ஆனால் இந்த ஆறு கேட்டுகளுக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. உண்மையாக அழைத்த இருவருக்கு நடுவில், அழைக்காத மூன்றாமவர் பெயரை இந்தச் சுற்று சொல்லிவிடக்கூடும். அது எப்படி நடக்கிறது, எப்படித் தடுப்பது என்று புரிந்துகொண்டால் இந்தச் சுற்றே புரிந்துவிடும்.

வரிசை எப்படி அமைகிறது

எண்பதுகளின் சிறிய கணினி ஒன்றைப் போன்ற பலகையை எடுத்துக்கொள்வோம். கம்பி 0 விசைப்பலகைக்கு. கம்பி 1 தொடர்வரிசை இணைப்புக்கு, அதாவது சீரியல் போர்ட்டுக்கு. கம்பி 2 ஃப்ளாப்பி வட்டுக்கு. கம்பி 3 மின்சாரம் போகப்போகிறது என்று எச்சரிக்கும் சுற்றுக்கு. எண் பெரிதாக இருந்தால் முன்னுரிமையும் பெரிது.

இந்த வரிசை தோன்றியபடி வைத்ததல்ல. கணக்குப் போட்டு வைத்தது. இரட்டை அடர்த்தி ஃப்ளாப்பி வட்டு நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் தரும். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 32 மைக்ரோ நொடிக்கு ஒரு பைட் வந்து நிற்கும். அடுத்தது வருவதற்குள் எடுக்காவிட்டால் முந்தையது போய்விடும். 9600 பாட் வேகத்தில் இயங்கும் சீரியல் போர்ட்டில் ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து 10 பிட் ஆகும். அங்கே இரண்டு எழுத்துகளுக்கு இடையே ஏறத்தாழ 1 மில்லி நொடி அவகாசம் உண்டு. ஃப்ளாப்பியைவிட முப்பது மடங்குக்கும் மேல் பொறுமை. விசைப்பலகையில் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் மனித விரலுக்குப் பத்து மில்லி நொடிகள் ஒரு பொருட்டே அல்ல.

மின்தடை எச்சரிக்கை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. மின்வழங்கியின் கொள்ளளவியில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் பலகையைச் சில மில்லி நொடிகளாவது தாங்கும். அவகாசத்தை மட்டும் பார்த்தால் அதை ஃப்ளாப்பிக்குக் கீழே வைக்கலாம். ஆனால் ஃப்ளாப்பியில் ஒரு பைட் தவறினால் வட்டு அடுத்த சுற்று வரும்போது மீண்டும் வாசித்துக்கொள்ளலாம். மின்சாரம் போவதற்குள் நினைவகத்தைப் பத்திரப்படுத்தாவிட்டால் எல்லாமே போய்விடும். ஆகவே முன்னுரிமைக்கு இரண்டு அளவுகோல்கள்: எவ்வளவு நேரம் தாங்கும், தாங்காவிட்டால் எவ்வளவு இழப்பு. இதைத் தாளில் எழுதி முடித்த பிறகுதான் கேட்டுகளைத் தொட வேண்டும்.

எளிய குறியாக்கி எங்கே தவறுகிறது

நான்கு கம்பிகளின் எண்களைச் சொல்ல இரண்டு பிட் போதும். 0 என்பது 00, 1 என்பது 01, 2 என்பது 10, 3 என்பது 11. இடப்பக்க வெளியீட்டை Y1 என்றும் வலப்பக்க வெளியீட்டை Y0 என்றும், உள்ளே வரும் கம்பிகளை I0 முதல் I3 வரை என்றும் குறிப்போம்.

எந்த எண்களில் இடப்பக்க பிட் 1 ஆக இருக்கிறது? 2, 3 ஆகியவற்றில். எனவே கம்பி 2, கம்பி 3 இரண்டையும் ஓர் ‘ஆர்’ கேட்டில் கொடுத்தால் Y1 கிடைத்துவிடும். இரண்டில் ஒன்று 1 ஆக இருந்தாலும் ‘ஆர்’ கேட் 1 தரும். வலப்பக்க பிட் 1 ஆக இருப்பது 1, 3 ஆகியவற்றில். கம்பி 1, கம்பி 3 இரண்டையும் இன்னொரு ‘ஆர்’ கேட்டில் கொடுத்தால் Y0 தயார். இரண்டே கேட்டுகள். ஒவ்வொரு கம்பியாகத் தூண்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே வரும்.

இப்போது ஃப்ளாப்பியும் சீரியல் போர்ட்டும் ஒன்றாக அழைக்கட்டும். கம்பி 2 அழைப்பதால் Y1 = 1. கம்பி 1 அழைப்பதால் Y0 = 1. வெளியே வரும் எண் 11, அதாவது 3. மின்தடை என்று யாருமே சொல்லவில்லை; சுற்று சொல்லிவிட்டது. பிராசஸர் கைவேலையை எல்லாம் போட்டுவிட்டுப் பத்திரப்படுத்தும் நிரலை ஓட்டி, கணினியை நிறுத்திவிடும். இரண்டு உண்மையான அழைப்புகளின் பிட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததில் ஒரு பொய்யான அழைப்பு பிறந்துவிட்டது.

ஒரு ‘நாட்’, ஓர் ‘ஆண்ட்’

பரிகாரம் நேரடியானது. உயர்ந்த கம்பி அழைக்கும்போது தாழ்ந்த கம்பிகளின் குரல் குறியாக்கிக்குள் போகாமல் அடைக்க வேண்டும். கம்பி 2 செல்ல வேண்டுமானால் கம்பி 3 அழைக்காமல் இருக்க வேண்டும். கம்பி 1 செல்ல வேண்டுமானால் 3, 2 இரண்டுமே அழைக்காமல் இருக்க வேண்டும். ‘அழைக்காமல்’ என்பதை ‘நாட்’ கேட் தரும். அது 1ஐ 0 ஆகவும் 0ஐ 1 ஆகவும் திருப்பும். ‘இதுவும் அதுவும்’ என்ற நிபந்தனையை ‘ஆண்ட்’ கேட் தரும். எல்லா உள்ளீடுகளும் 1 ஆக இருந்தால்தான் அது 1 தரும்.

இதை அப்படியே கட்டினால் கேட்டுகள் கூடும். சற்று யோசித்தால் பாதியைத் தவிர்த்துவிடலாம். Y1ஐப் பாருங்கள். கம்பி 3 அழைக்கும்போது கம்பி 2ஐ அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் Y1 = 1 தான், ஏனென்றால் 3, 2 இரண்டிலுமே இடப்பக்க பிட் 1. எனவே அங்கே அடைப்பு தேவையில்லை. Y0இலும் கம்பி 3 அழைத்தால் விடை எப்படியும் 1. கம்பி 1ஐ அதற்காக அடைப்பது வீண். எஞ்சி நிற்பது ஒரே ஓர் அடைப்பு: கம்பி 2 அழைக்கும்போது கம்பி 1 உள்ளே போகக்கூடாது.

```
Y1 = I3 OR I2
Y0 = I3 OR (I1 AND NOT I2)
V  = Y1 OR I1 OR I0
```

மூன்றாவது வரியில் V என்று ஒன்று வந்திருக்கிறது. கம்பி 0 அழைத்தாலும் விடை 00, யாருமே அழைக்காவிட்டாலும் விடை 00. இரண்டையும் பிரித்துக் காட்ட ‘யாரோ ஒருவராவது அழைக்கிறார்’ என்று சொல்லும் தனிக் கம்பி வேண்டும். பிராசஸரின் இன்டரப்ட் பின்னுக்குப் போவது இந்த V தான். அது 1 ஆன பிறகுதான் Y1, Y0 இரண்டையும் வாசிப்பதில் பொருள் இருக்கிறது.

முழு நடத்தையையும் ஐந்து வரிகளில் எழுதலாம். x என்றால் அந்த இடத்தில் எது இருந்தாலும் சரி என்று பொருள்.

```
I3 I2 I1 I0 | Y1 Y0 V
0  0  0  0  | 0  0  0
0  0  0  1  | 0  0  1
0  0  1  x  | 0  1  1
0  1  x  x  | 1  0  1
1  x  x  x  | 1  1  1
```

நமக்குத் தொல்லை தந்த நிலையை இதில் ஓட்டிப் பார்ப்போம். கம்பி 2 = 1, கம்பி 1 = 1. ‘நாட்’ கேட் கம்பி 2இன் 1ஐ 0 ஆக்குகிறது. ‘ஆண்ட்’ கேட்டுக்குள் கம்பி 1இன் 1 ஒருபுறமும் இந்த 0 மறுபுறமும் போவதால் வெளியே வருவது 0. Y0 = 0, Y1 = 1. விடை 10. ஃப்ளாப்பிதான் வென்றது.

கேட்டுகளை எண்ணினால் நான்கு ‘ஆர்’, ஓர் ‘ஆண்ட்’, ஒரு ‘நாட்’. கடையில் 7432 என்று கேட்டால் கிடைக்கும் சில்லில் சரியாக நான்கு ‘ஆர்’ கேட்டுகள் இருக்கின்றன. ‘ஆண்ட்’டுக்கு 7408, ‘நாட்’டுக்கு 7404. மூன்று சில்லுகளும் ஒரு ப்ரெட்போர்டில் அடங்கிவிடும்.

சோதிக்கும் முறை

நான்கு ஸ்விட்ச், மூன்று எல்.இ.டி. வைத்துச் சோதிக்கலாம். 74 எச்.சி. வகைச் சில்லுகளில் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. ஸ்விட்ச் திறந்திருக்கும்போது உள்ளீடு எதனோடும் இணையாமல் தொங்கினால் அது 0 என்றும் இல்லை, 1 என்றும் இல்லை. கையை அருகில் கொண்டுபோனாலே எல்.இ.டி. மினுக்கினால் இந்தக் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு உள்ளீட்டையும் 10 கிலோ ஓம் மின்தடையம் வழியாகத் தரையோடு இணைத்துவிட்டால் சரியாகிவிடும். பயன்படுத்தாத கேட்டுகளின் உள்ளீடுகளையும் இப்படித் தொங்கவிடக்கூடாது. நேராகத் தரையோடு சேர்த்துவிட வேண்டும்.

அடுத்தது மிக முக்கியம். அந்த ‘நாட்’ இணைப்பு விட்டுப்போனால் எப்படித் தெரியும்? நான்கு ஸ்விட்சுகளுக்கு 16 நிலைகள். அதில் எளிய குறியாக்கி தவறாகச் சொல்வது இரண்டே நிலைகளில்: கம்பி 3 அணைந்து, 2, 1 இரண்டும் எரியும்போது மட்டும், கம்பி 0 எப்படி இருந்தாலும். மற்ற 14 நிலைகளிலும் சரியான சுற்றும் தவறான சுற்றும் ஒரே விடையைத்தான் தரும். ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுபவருக்கு இந்தத் தவறு ஒருநாளும் கண்ணில் படாது. பதினாறையும் வரிசையாகத் தட்டிப் பார்ப்பதே வழி.

காலத்தில் திரும்பி வரும் பொய்

பதினாறும் சரியாக வந்த பிறகும் வேலை முடியவில்லை. கேட்டுகள் நொடியில் விடை தருவதில்லை. 5 வோல்ட்டில் ஓடும் எச்.சி. வகைக் கேட் ஒன்று விடையை மாற்ற ஏறத்தாழ 10 நானோ நொடி எடுத்துக்கொள்ளும்.

சீரியல் போர்ட் ஏற்கெனவே அழைத்துக்கொண்டிருக்கிறது, வெளியே 01. இப்போது ஃப்ளாப்பியும் அழைக்கத் தொடங்குகிறது. விடை 10 ஆக மாற வேண்டும். Y1க்குப் போகும் வழியில் ஒரே ஓர் ‘ஆர்’ கேட். 10 நானோ நொடியில் அது 1 ஆகிவிடும். Y0க்குப் போகும் வழியில் ‘நாட்’, ‘ஆண்ட்’, ‘ஆர்’ என்று மூன்று கேட்டுகள். அது 0 ஆக 30 நானோ நொடி ஆகும். இடைப்பட்ட 20 நானோ நொடிக்கு இரண்டுமே 1. வெளியே நிற்பது 11. தருக்கத்தில் அடைத்து அனுப்பிய அதே மின்தடைப் பொய், கால தாமதத்தின் வழியாக மீண்டும் உள்ளே வந்துவிட்டது. ஃப்ளாப்பி அழைப்பை விடும்போதும் இதேதான் நடக்கும், வேறு பெயரில்: Y1 முதலில் விழுந்து Y0 பின்னால் எழுவதால், சற்று நேரம் 00, அதாவது விசைப்பலகை என்று காட்டும்.

எல்.இ.டி.யில் இது தெரியாது. கம்பி 1ஐ 1 ஆகவும் 3ஐ 0 ஆகவும் வைத்து, கம்பி 2க்குச் சதுர அலை கொடுத்து, ஆசிலோஸ்கோப்பின் இரு வழிகளில் Y1, Y0 இரண்டையும் பார்த்தால், இரண்டும் உயர்ந்து நிற்கும் அந்த மெல்லிய கீற்று தெரியும்.

இருபது நானோ நொடி பெரிதா என்று தோன்றலாம். பிராசஸர் 1 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கில் ஓடினால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 1000 நானோ நொடி. ஃப்ளாப்பியின் அழைப்பு க்ளாக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் வருவதால், வாசிக்கும் கணம் அந்தக் கீற்றுக்குள் விழும் வாய்ப்பு இத்தகைய ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐம்பதில் ஒன்று. 32 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை வரும் அழைப்புக்கு இது சிறிய எண்ணே அல்ல.

கம்பிகளை ஒழுங்குபடுத்துவது

வெளியீட்டில் ஃப்ளிப்-ஃப்ளாப் வைத்து, க்ளாக் துடிக்கும்போது மட்டும் Y1, Y0 மதிப்பைப் பிடித்துவைத்தால் போதுமே என்று முதலில் தோன்றும். அது போதாது. பிடிக்கும் கணமே மாற்றத்தின் நடுவில் விழுந்தால், Y1இன் புதிய மதிப்பும் Y0இன் பழைய மதிப்பும் சேர்ந்து பிடிபடும். கீற்று மறையாமல், ஒரு முழுத் துடிப்புக் காலத்துக்கு நீண்டுவிடும்.

சரியான இடம் குறியாக்கிக்கு முன்னால். நான்கு கோரிக்கைக் கம்பிகளையும் தனித்தனியே ஃப்ளிப்-ஃப்ளாப்பில் பிடித்துவைத்து, அதன் பிறகு குறியாக்கிக்குள் அனுப்ப வேண்டும். மாற்றத்தின் நடுவில் பிடித்தாலும் தனிக் கம்பி ஒன்றுக்கு இரண்டே சாத்தியங்கள்: ‘இன்னும் அழைக்கவில்லை’ அல்லது ‘அழைத்துவிட்டது’. இரண்டுமே உண்மை, பின்னது ஒரு துடிப்பு தாமதமாக வரலாம், அவ்வளவுதான். பொய்யான எண் பிறப்பதற்கு இரண்டு பிட்டுகள் சேர வேண்டும். ஒற்றைக் கம்பியில் அதற்கு இடமில்லை.

துடிப்பும் மாற்றமும் மிகச் சரியாக மோதிக்கொண்டால் ஃப்ளிப்-ஃப்ளாப் சிறிது நேரம் 0க்கும் 1க்கும் நடுவே தடுமாறும். அது அடங்க ஒரு துடிப்பு நேரம் கொடுப்பதற்காக, ஒன்றின்பின் ஒன்றாக இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்புகள் வைப்பது வழக்கம். 74175 என்ற சில்லில் நான்கு ஃப்ளிப்-ஃப்ளாப்புகள் இருப்பதால், அதில் இரண்டு சில்லுகள் நான்கு கம்பிகளுக்கும் போதும். மூன்றாவது 74175 குறியாக்கிக்குப் பின்னால் Y1, Y0, V மூன்றையும் பிடித்துவைக்கும். இப்போது குறியாக்கியின் உள்ளீடுகள் துடிப்பின்போது மட்டுமே மாறுகின்றன. உள்ளே எழும் கீற்றுகள் எல்லாம் முதல் சில பத்து நானோ நொடிகளில் அடங்கி, அடுத்த துடிப்பு வரும் முன்பே விடை நிலைத்துவிடும்.

இதற்குக் கொடுக்கும் விலை அதிகபட்சம் மூன்று துடிப்பு தாமதம். 1 மெகாஹெர்ட்ஸில் 3 மைக்ரோ நொடி. ஃப்ளாப்பிக்கு இருக்கும் 32 மைக்ரோ நொடி அவகாசத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆரம்பத்தில் போட்ட அவகாசக் கணக்கு இங்கேயும் கைகொடுக்கிறது.

உண்மைக் கணினிகளில்

எட்டுக் கம்பிகளுக்கு இதே வேலையைச் செய்யும் சில்லின் எண் 74148. இதில் 0 தான் ‘அழைக்கிறேன்’ என்று பொருள். வெளியீட்டு எண்ணும் தலைகீழாகவே வரும். 1979இல் வந்த மோட்டோரோலா 68000 பிராசஸருக்கு இது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். அந்தப் பிராசஸரில் குறுக்கீட்டுக்கு மூன்று பின்கள். ஏழு முன்னுரிமை நிலைகள். மூன்றும் உயர்ந்து நின்றால் நிலை 0, யாரும் அழைக்கவில்லை என்று பொருள். 74148இலும் யாரும் அழைக்காதபோது மூன்று வெளியீடுகளும் உயர்ந்தே நிற்கும். எனவே அதன் 0ஆம் உள்ளீட்டைப் பயன்படுத்தாமல் விட்டால், நமக்கு வேண்டியிருந்த தனி V கம்பிகூட இங்கே வேண்டாம். நிலை 7ஐ நிரலால் தடுக்க முடியாது. மின்தடை போன்ற எச்சரிக்கைக்கு ஏற்ற இடம் அதுதான். அதே குடும்பத்தில் 1984இல் வந்த 68020, இந்தப் பின்களில் அடுத்தடுத்த இரண்டு துடிப்புகளில் ஒரே எண் தெரிந்தால்தான் அதைச் செல்லுபடியாக எடுத்துக்கொள்ளும். நம் இருபது நானோ நொடிக் கீற்று அங்கே செல்லாது.

இந்தச் சுற்றால் முடியாதது

நிலையான முன்னுரிமைக்கு ஒரு குறை உண்டு. மேலே இருப்பவர் ஓயாமல் அழைத்தால் கீழே இருப்பவருக்கு முறையே வராது. ஃப்ளாப்பியைக் கவனிக்கும் நிரல், வேலை முடிந்ததும் கருவியின் கோரிக்கையை நீக்க மறந்துவிட்டால் கம்பி 2 இறங்காமல் 1 ஆகவே நிற்கும். அப்போது விசைப்பலகை செத்துவிட்டதுபோல் இருக்கும். சீரியல் போர்ட்டில் எழுத்துகள் விழுந்துபோகும். பழுது பார்ப்பவர் விசைப்பலகையைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் பார்க்க வேண்டியது குறியாக்கியின் வெளியீட்டை. அங்கே 10 அசையாமல் நின்றால், குற்றவாளி பேசாத கருவி அல்ல, பேசி ஓயாத கருவி.

1981இல் வந்த ஐ.பி.எம். தனிக்கணினியில் இருந்த இன்டெல் 8259 போன்ற சில்லுகளில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: கவனிக்கப்பட்ட கம்பியை வரிசையின் கடைசிக்கு அனுப்பும் சுழல் முன்னுரிமை. சம அவசரம் உள்ள கருவிகளுக்கு அது நல்லது. நம் நான்கு கம்பிகளுக்கு அது பொருந்தாது. ஒருமுறை கவனித்துவிட்டோம் என்பதற்காக 32 மைக்ரோ நொடியில் அடுத்த பைட்டோடு நிற்கும் ஃப்ளாப்பியை விசைப்பலகைக்குப் பின்னால் நிறுத்த முடியாது. ஒவ்வொரு கருவியும் எவ்வளவு தாங்கும், தாங்காவிட்டால் என்ன போகும் என்ற அந்தப் பட்டியல்தான் எந்த முறை என்பதைச் சொல்லும். கேட்டுகள் அந்தப் பட்டியலைத்தான் நிறைவேற்றுகின்றன. பட்டியல் தவறென்றால், பதினாறு நிலைகளிலும் சரியாக ஓடும் சுற்றும் தவறானவரையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்.